எட்டுப் படத்தில் எதை வைத்துக்கொள்வது, சீடை எப்போது மாற்றுவது

ஈரோட்டில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், பாக்கெட் ஸ்டிக்கர், ஃபிளெக்ஸ் எல்லாம் செய்வோம். போன தை மாதம் கொடுமுடிப் பக்கத்திலிருந்து என் பெரியம்மா வந்தார். தோட்டத்து மஞ்சளை அவர்களே அரைத்துப் பொடியாக விற்கத் தொடங்கியிருந்தார்கள், அதற்கு ஒரு நோட்டீஸ் வேண்டும். வயதான பெண் ஒருத்தி இரண்டு கையிலும் விரலி மஞ்சளை ஏந்தி நிற்க வேண்டும், பின்னால் காயப்போட்ட களம், பக்கத்தில் ஒரு துணிப்பை, பையில் ‘ஈரோடு மஞ்சள்’ என்ற எழுத்து. கேட்டது இவ்வளவுதான்.

ஏஐயில் படம் செய்யப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. கை, எழுத்து, இரண்டுமே தவறிப்போகும் இடங்கள். இரண்டும் ஒரே படத்தில் இருந்தன. ஆனால் இரண்டும் தவறும் காரணம் ஒன்றல்ல, அதனால் மருந்தும் ஒன்றல்ல. புதிதாகக் கற்கும் பலர் எதற்கெடுத்தாலும் ‘இன்னொரு தடவை’ பொத்தானையே அழுத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொத்தான் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று தெரிந்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

முதலில் சீடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல் வெள்ளைத் தாளில் கோடு போட்டு வரைவதில்லை. பழைய டிவியில் சேனல் இல்லாதபோது புள்ளி புள்ளியாக இரையுமே, அது போன்ற ஒரு இரைச்சல் படத்தில் இருந்து தொடங்குகிறது. நாம் எழுதிய ப்ராம்ப்ட்டைப் பார்த்துக்கொண்டே அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குகிறது. இருபது முப்பது படி நீக்கியபின் உள்ளே ஒரு படம் தெளிந்து நிற்கும். தொடக்கத்தில் எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெளுப்பு என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்குப் பெயர்தான் சீடு. எண்ணை மாற்றினால் வேறு இரைச்சல், வேறு இரைச்சலிலிருந்து வேறு படம்.

பெரியம்மாவுக்கு இதை விதை மஞ்சளை வைத்தே சொன்னேன். அதே மண், அதே தண்ணீர், அதே உரம், விதையை மட்டும் மாற்றினால் விளைவது மாறும். ஒப்புமை ஒரு இடத்தில் மட்டும் பொருந்தாது. தோட்டத்தில் ஒரே விதையை இரண்டு முறை போட்டால் அச்சு அசலாக ஒரே செடி வராது. இங்கே வரும். அதே மாடல், அதே ப்ராம்ப்ட், அதே அளவு, அதே படிகள், அதே சீடு என்றால் அதே படம் திரும்ப வரும். இதில் எது ஒன்றை மாற்றினாலும், உதாரணமாகப் படத்தின் அகலத்தை மட்டும் கூட்டினாலும், சீடு அதேதான் என்ற போதும் படம் வேறாகிவிடும்.

ஒன்று கவனியுங்கள். 4103க்கும் 4104க்கும் எந்த உறவும் இல்லை. அடுத்தடுத்த எண் என்பதால் அடுத்தடுத்த சாயலில் படம் வராது. ‘ராசியான சீடு’ என்று சிலர் எண்களைச் சேர்த்துவைப்பதுண்டு. ப்ராம்ப்ட் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்வரை அந்த எண் அதே போன்ற அமைப்பைத் தரும், அது உண்மை. ப்ராம்ப்ட் முழுதாக மாறிவிட்டால் அந்த எண்ணுக்குத் தனி மகிமை இல்லை.

இனி வேலைக்கு வருவோம். என் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையைச் சேர்ந்த எஸ்டிஎக்ஸ்எல் மாடலை ஆட்டோமேட்டிக் 1111 என்னும் இலவச மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். அதில் `Seed` கட்டத்தில் -1 இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். பழகுகிறவர்கள் அதை மாற்றி ஓர் எண்ணை எழுதுங்கள். எட்டுப் படம் கேட்டால் அந்த எண்ணிலிருந்து வரிசையாக எட்டு எண்களை எடுக்கும். என் முதல் சுற்று இது:

```
two cupped hands of an elderly woman farmer holding turmeric fingers,
drying yard behind, cloth bag with the words "ஈரோடு மஞ்சள்", morning light

Seed: 4101   Batch count: 8   Size: 1024x1024
Steps: 30    CFG Scale: 6
```

எட்டுப் படம் வந்தது. எட்டிலும் விரல்கள் கூடுதல். மஞ்சள் துண்டுகளுக்கு நகம் முளைத்திருந்தது, சில துண்டுகள் உள்ளங்கையிலிருந்தே கிளம்பியிருந்தன. எட்டிலும் பையில் எழுத்து போன்ற ஏதோ ஒன்று இருந்தது, எந்த மொழியும் அல்ல.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் ஒரே விதி இது. எட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பிழை சில படங்களில் இருந்து சிலவற்றில் இல்லையென்றால் அது சீடு செய்தது, சீடை மாற்றினால் போகும். எட்டிலும் அதே பிழை இருந்தால் அது சீடின் குற்றமல்ல. ப்ராம்ப்ட் தவறாக இருக்கலாம், அல்லது அந்த மாடலுக்கு அந்த வேலையே தெரியாமல் இருக்கலாம். எண்பது படம் எடுத்தாலும் அது போகாது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எட்டு கேட்பதே இதற்குத்தான்.

கூடுதல் விரல் எட்டிலும் இருந்ததால் ப்ராம்ப்ட்டைத் திரும்பப் படித்தேன். `turmeric fingers` என்று எழுதியிருந்தேன். விரலி மஞ்சளுக்கு ஆங்கில வியாபாரப் பெயர் அதுதான். நமக்கு விரல் வேறு, விரலி வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். கை இருக்கிற படத்தில் ‘விரல்கள்’ என்று தனியாக ஒரு முறை கேட்டால் மாடல் விரல்களைக் கொட்டத்தான் செய்யும். `dried turmeric rhizomes` என்று மாற்றினேன். பையில் எழுத்து கேட்ட பகுதியையும் எடுத்துவிட்டு `plain unmarked cloth bag` என்று வெறும் பை கேட்டேன். எழுத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சீடை மட்டும் தொடவில்லை. திரும்பவும் 4101லிருந்தே ஓட்டினேன். காரணம் எளிது. ஒரே போகத்தில் விதையையும் உரத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் விளைச்சல் மாறியது என்று எந்த விவசாயிக்கும் தெரியாது. சொல்லைச் சோதிக்கும்போது சீடு நிற்க வேண்டும். அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும்போது சொல் நிற்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் நகம் முளைத்த மஞ்சள் மறைந்துவிட்டது. படங்களைப் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை.

“ஏங்கண்ணு, இது பச்சை மஞ்சளாட்டம் இருக்குது. வேகவெச்சுக் காயவெச்சு பாலீஸ் போட்ட விரலி இப்படியா இருக்கும்?”

அவர் சொன்னது சரி. எட்டிலும் துண்டுகள் ஈரமாக, வெட்டிய முகம் ஆரஞ்சாக மின்னின. நான் பத்து நிமிடம் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. பொருளைத் தினமும் கையாள்கிற ஒருவரிடம் காட்டாமல் எந்தப் படத்தையும் முடிவு செய்யக் கூடாது என்று அன்றுதான் வழக்கமாக்கிக்கொண்டேன். எட்டிலும் இருந்த பிழை என்பதால் மறுபடி சொல்தான் மாறியது. `hard dry polished, dull yellow` என்று சேர்த்து, அதே சீடுகளில் மூன்றாம் சுற்று. இந்த முறை நான்கு படங்களில் காய்ந்த விரலி போலவே வந்தது. நான்கில் மட்டும் வந்தது என்பதால், இனி சீடு பார்த்துக்கொள்ளும் என்று சொல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது தேர்வு. எட்டையும் ஒரே திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக வைத்துத்தான் முதலில் பார்ப்பேன். அந்த அளவில் விரல் தெரியாது, தெரியவும் கூடாது. வெளிச்சம் எங்கே விழுகிறது, கண் முதலில் எங்கே போகிறது, தலைப்பு எழுத மேலே இடம் இருக்கிறதா, இவை மட்டும் தெரியும். இதில் தோற்ற படத்தைப் பிறகு ஒட்டுப்போட்டு மீட்க முடியாது. விரலை மீட்க முடியும். ஆகவே பிழை குறைந்த படத்தை நான் எடுப்பதில்லை, திருத்தக்கூடிய பிழையுள்ள நல்ல படத்தையே எடுப்பேன். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள் கடைசியில் சரியான ஐந்து விரல்களோடு உயிரில்லாத ஒரு படத்தில் போய் நிற்பார்கள்.

சின்ன அளவில் தேறியவை 4103, 4106, 4108. இந்த மூன்றை மட்டும் முழு அளவில் திறந்தேன்.

கையைச் சோதிக்க எண்ணினால் மட்டும் போதாது. ஆறு விரல் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். நான்கு விரல் படாது, ஐந்தாவது மறைந்திருக்கிறது என்று மனம் தானே நினைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் கையையே அந்தப் படத்தில் இருப்பதுபோல் வைத்துப் பாருங்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தும்போது சுண்டுவிரல்கள் நடுவில் ஒட்டும், கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் போகும். 4108ல் ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல் சரியாக இருந்தது. ஆனால் ஒரு கட்டைவிரல் வெளியே, இன்னொன்று நடுவில். அதாவது அந்த அம்மாவுக்கு இரண்டுமே வலக்கை. எண்ணிப் பார்த்தவர் எவரும் அதைப் பிடித்திருக்க மாட்டார். இன்னும் இரண்டு இடம் பாருங்கள். விரல் பொருளைத் தொடும் இடத்தில் எது விரல், எது மஞ்சள் என்று கோடு தெளிவாகப் பிரிகிறதா? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரலை ஓட்டினால் அந்தக் கை உடம்பில் போய்ச் சேருகிறதா? வளையல் இருந்தால் அது மணிக்கட்டைச் சுற்றிப் பின்னால் போகிறதா, தோலுக்குள் புதைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள்.

கை ஏன் இப்படித் தவறுகிறது? ஒரு காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். 1024 புள்ளி அகலப் படத்தை இந்த மாடல் நேரடியாக வரைவதில்லை. எட்டில் ஒன்றாகச் சுருக்கி, 128 கட்டம் அகலமுள்ள ஒரு சட்டத்தில்தான் யோசிக்கிறது. என் படத்தில் ஒரு கை சுமார் 160 புள்ளி அகலம், அதாவது அந்தச் சட்டத்தில் 20 கட்டம். ஒரு விரலுக்குக் கிடைப்பது மூன்று கட்டம். அந்த மூன்று கட்டத்துக்குள் மூட்டு, நகம், பக்கத்து விரலோடு உள்ள இடைவெளி எல்லாம் அடங்க வேண்டும். அதோடு முகம் எப்போதும் ஏறத்தாழ ஒரே அமைப்பு, கை அப்படியல்ல. மடங்கும், மறையும், பொருளைப் பிடிக்கும். ஐந்து என்ற எண்ணிக்கையை மாடல் எங்கும் வைத்துக்கொண்டு வரைவதில்லை. ‘விரலுக்குப் பக்கத்தில் விரல் இருக்கும்’ என்பதே அதற்குப் பழகியது. எங்கே நிறுத்துவது என்பதைத் தொடக்க இரைச்சல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதனால்தான் கைப்பிழை படத்துக்குப் படம் மாறுகிறது, சீடால் தீர்கிறது.

எத்தனை படம் எடுத்தால் தீரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கில் ஒரு முறை ஒரு கை சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் படம் எடுத்தால் ஒன்றாவது தேறும் வாய்ப்பு 90 சதவீதம். இரண்டு கையும் ஒரே படத்தில் சரியாக வேண்டும் என்றால் பதினாறில் ஒரு முறை, எட்டுப் படத்துக்கு வாய்ப்பு 40 சதவீதம் மட்டுமே. அந்தப் படத்தில் வெளிச்சமும் அமைப்பும் சேர்ந்து அமைய வேண்டும் என்றால் இன்னும் குறையும். எல்லாம் சரியான ஒரே படத்துக்காகச் சீடை மாற்றிக்கொண்டே போவது நஷ்ட வியாபாரம். நல்ல படத்தை வைத்துக்கொண்டு கெட்ட இடத்துக்கு மட்டும் சீடை மாற்றுவதுதான் வழி.

மூன்றில் 4106ல் கைகள் சுத்தமாக இருந்தன, மஞ்சள் குவியலின் ஒரு பக்கம் சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தது. 4108ன் இரண்டு வலக்கையைத் திருத்த வேண்டுமானால் முழுக் கையையே மாற்ற வேண்டும். 4103ல் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து மஞ்சளில் தங்கியிருந்தது, மேலே தலைப்புக்கு இடம் இருந்தது, விரலியும் காய்ந்த விரலிதான். பிழை ஒன்றே ஒன்று, இடக்கை ஓரத்தில் ஆறாவதாக ஒரு விரல். 4103ஐ வைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை, ஒரு பகுதியை மட்டும் மறுபடி வரையவைக்கும் இன்பெயிண்ட் பக்கத்துக்கு அனுப்பி, எந்த இடம் மாற வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கை இடக்கையின் மேல் மணிக்கட்டு வரை சேர்த்துத் தீட்டினேன். ஆறாவது விரலை மட்டும் தீட்டினால் சரிவராது. பக்கத்து விரல்கள் அதற்கு இடம் விட்டபடியே நிற்கும், மாடல் அந்த இடத்தில் மறுபடி விரலையே நிரப்பும். பிறகு `Only masked` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இதுதான் உயிர்நாடி. இதைத் தேர்ந்தால் மாஸ்க் போட்ட பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, அங்கே வரைந்து, சுருக்கித் திரும்ப ஒட்டும். என் மாஸ்க் சுற்றுப்பகுதியோடு சுமார் 256 புள்ளி இருந்தது, அது 1024 ஆக நான்கு மடங்கு பெரிதானது. மூன்று கட்டம் கிடைத்த விரலுக்கு இப்போது பன்னிரண்டு கட்டம்.

அடுத்தது `Denoising strength`. எவ்வளவு இரைச்சலைப் புதிதாகத் தூவுவது என்பதற்கான அளவு அது. 0.3 வைத்தேன், ஆறு விரலும் அழகாக மெருகேறி ஆறாகவே வந்தன. 0.75 வைத்தேன், விரல் ஐந்தானது, ஆனால் சின்னப் பெண்ணின் கை போல வழுவழுப்பாகி, தோல் நிறம் முழங்கையோடு ஒட்டவில்லை. 0.5ல் நின்றேன். ப்ராம்ப்ட்டில் களம், பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வயதான பெண்ணின் இடக்கை காய்ந்த மஞ்சளை ஏந்தியிருக்கிறது என்று மட்டும் எழுதினேன். முழுப் பழைய ப்ராம்ப்ட்டையே விட்டால் அந்தச் சின்ன இடத்துக்குள் இன்னொரு களத்தை வரையப் பார்க்கும். சீடை -1 ஆக்கி எட்டு எடுத்தேன், ஒன்றும் முழுதாகத் தேறவில்லை. இன்னும் எட்டு எடுத்தேன், பதினோராவது படத்தில் சுருக்கமும் நகமும் சேர்ந்து சரியான கை வந்தது. பெரியம்மாவின் கைபோலவே இருந்தது.

முழுப் படமும் பிடித்திருக்கிறது, அமைப்பில் லேசான மாற்றம் மட்டும் வேண்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. சீடு பக்கத்தில் `Extra` என்பதை இயக்கினால் இரண்டாவது சீடு ஒன்றைக் கலக்கலாம். `Variation strength` 0.1 அல்லது 0.2 வைத்தால் அதே படத்தின் உறவுக்காரப் படங்கள் வரும். 0.5ஐத் தாண்டினால் அந்நியப் படம்.

இனி எழுத்து. முதல் சுற்றில் எட்டிலும் தவறியது என்பதே விடை சொல்லிவிட்டது. எஸ்டிஎக்ஸ்எல் நம் சொற்களைப் படிக்கப் பயன்படுத்தும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளைக் கொண்டு பயின்றது. தமிழில் எழுதிக் கொடுத்தால் அதற்கு அது சொல்லாகவே தெரிவதில்லை, பொருளற்ற சிறு துண்டுகளாக உடைந்து போகிறது. ஆங்கிலச் சொல்லைக்கூட அது எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் முழுச் சொல்லை ஒரே வில்லையாக விழுங்கிவிடும். அந்த வில்லைக்குள் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று அதற்குத் தெரியாது. தமிழில் இன்னொரு சிக்கல், ‘ரோ’ என்ற ஓர் எழுத்துக்கு ரகரத்தின் முன்னும் பின்னும் குறி வர வேண்டும். விரலில் ஒரு கோணல் இருந்தால் அது கொஞ்சம் கோணலான விரல். எழுத்தில் ஒரு சுழி போனால் அது வேறு எழுத்து. இங்கே ‘ஏறத்தாழ’ என்பதற்கு இடமே இல்லை. புதிய மாடல்கள் சில, சிறிய ஆங்கிலச் சொற்களைச் சரியாகவே எழுதுகின்றன. அவற்றிலும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

ஆகவே வெறும் பையை மாடலிடம் வாங்கிக்கொண்டு, எழுத்தை நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு யூனிகோடு எழுத்துருவில் வைத்தேன். பிறகு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் அந்த எழுத்தடுக்கை `Multiply` முறையில் பையின் மேல் போட்டால் துணியின் இழை எழுத்தினூடே தெரியும், அச்சடித்த பை போலவே இருக்கும். எடை, விலை, போன் எண், உணவு உரிமத்தின் 14 இலக்க எண், இவற்றை எந்த மாடலிடமும் எழுதக் கேட்காதீர்கள். ஓர் இலக்கம் தவறினால் அது அழகுப் பிழையல்ல, வாங்குபவருக்குச் சொல்லும் பொய்.

சீடு எண் காட்டாத ஆப்களிலும் இதே வேலைதான். ‘மறுபடி’ பொத்தானை அழுத்தும்போது உள்ளே புதிய சீடு எடுக்கப்படுகிறது, அவ்வளவே. எண் கையில் இல்லாததால் பழைய படத்துக்குத் திரும்பிப் போக முடியாது. சொல்லை மட்டும் மாற்றிச் சோதிக்கவும் முடியாது. அதனால் அங்கே பிடித்த படத்தை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தும் மென்பொருளில் சீடு, ப்ராம்ப்ட் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். `PNG Info` பக்கத்தில் கோப்பைப் போட்டால் எல்லாம் திரும்ப வரும். ஆனால் அதையே வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி, அங்கிருந்து திரும்ப எடுத்தால் அந்தக் குறிப்பு இருக்காது. மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

நோட்டீஸ் அச்சாகி வந்ததும் ஒன்றைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து மஞ்சளைப் பார்த்தார், பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சித்திரையில் கால் கிலோ பாக்கெட்டுக்கு அதே கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆர்டர் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 4103 என்று எழுதி வைத்திருக்கிறேன், கீழே இடக்கைக்கு வந்த சீடும்.